ஸ்வரத்துக்கு நேர் கீழே சாஹித்யம்: புத்தகப் படத்திலிருந்து தட்டச்சு செய்த இரண்டரை வருடம்

எங்கள் பாட்டு டீச்சரிடம் ஒரு பழைய தமிழ்ப் புத்தகம் இருக்கிறது. ஸரளி வரிசை முதல் வர்ணம் வரை அதில் உண்டு. தாள்கள் பழுத்து, தொட்டாலே ஓரம் உதிரும். வகுப்பில் எல்லோருக்கும் அதை ஜெராக்ஸ் எடுப்பது முடியாத காரியம் என்பதால், பக்கங்களைச் செல்பேசியில் படம் பிடித்து நானே தட்டச்சு செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டரை வருடமாகிறது, பதினான்கு கீதங்கள் முடிந்திருக்கின்றன. இப்போது கைக்குப் பழகியிருக்கும் முறை மூன்றாவது. முதல் இரண்டும் ஏன் தோற்றன என்பதைச் சொன்னால்தான் இது புரியும்.

கீதத்தின் அமைப்பு எளிது. மேல் வரியில் ஸ்வரம், அதற்கு நேர் கீழே சாஹித்யத்தின் எழுத்து. எந்த எழுத்து எந்த ஸ்வரத்தில் விழுகிறது என்பதுதான் பாடம். அந்த நேர்கோடு கலைந்தால் தாளில் மிச்சம் எதுவும் இல்லை.

முதல் முயற்சியில் இடைவெளிகளைக் கூட்டிக் குறைத்து, கண்ணுக்கு நேராக வரும்படி தட்டினேன். என் கணினியில் அழகாக இருந்தது. வகுப்புக் குழுவுக்கு அனுப்பியதும் ஆளாளுக்கு ஒரு மாதிரி தெரிந்தது. ஆங்கிலத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவைப் போட்டால் வேலை முடிந்துவிடும். தமிழில் அது நடக்காது. ‘ப’ ஒடுங்கியது, ‘ணா’ அகலமானது, ‘ஸ்ரீ’ இன்னொரு அளவு. பெரும்பாலான சம அகல எழுத்துருக்களில் தமிழே கிடையாது, வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கித்தான் திரையில் காட்டுகிறார்கள். எழுத்துகளை எண்ணி இடைவெளியைக் கணக்கிடலாம் என்றாலும் சிக்கல்தான். நம் கண்ணுக்கு ஓர் எழுத்தான ‘ஸ்ரீ’ கணினிக்கு நான்கு குறியீடுகள்.

இரண்டாவது, விரிதாளில் நேரடியாகத் தட்டுவது. நேர்கோடு சரியாக நின்றது. ஆனால் பஸ்ஸில் போகும்போது செல்பேசியில் கட்டம் கட்டமாகத் தொட்டுத் தொட்டு அடிப்பதற்குள் பொறுமை போய்விட்டது. தவிர, எனக்கு வேண்டியது எந்தக் கருவியிலும் திறக்கிற வெறும் எழுத்துக் கோப்பு.

சரி, கண்ணுக்கு நேராக வைப்பதை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். இப்போதைய முறை அதுதான். தாளத்தின் ஓர் அட்சரத்துக்கு ஒரு கட்டம், ஓர் இடைவெளி வந்தால் அடுத்த கட்டம். மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்குப் பின்னால் ஒரு நேரான மேற்கோள் குறி. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. ஸ்வரம் நீண்டால் அடுத்த கட்டத்தில் காற்புள்ளி போடுகிறேன். சாஹித்யத்தில் உயிரொலி நீண்டால் சிறு கோடு. இரண்டுக்கும் ஒரே குறியை வைக்கவில்லை, ஏனென்றால் மேலே ஸ்வரம் மாறிக்கொண்டிருக்கும்போதே கீழே எழுத்து நீளலாம். மலஹரியில் புரந்தரதாஸர் செய்த ‘ஸ்ரீ கணநாத’ கீதத்தின் முதல் மூன்று வரிகளை எடுத்துக்கொண்டால் கோப்பு இப்படி இருக்கும்:

```
ம ப | த ஸ' ஸ' ரி' || ரி' ஸ' | த ப ம ப ||
ஸ்ரீ - | க ண நா த || ஸிந் தூ | ர - வர் ண ||
ரி ம | ப த ம ப || த ப | ம க ரி ஸ ||
க ரு | ணா ஸா க ர || க ரி | வ த ன - ||
ஸ ரி | ம , க ரி || ஸ ரி | க ரி ஸ , ||
லம் - | போ - த ர || ல கு | மி க ர - ||
```

இங்கே பார்க்கும்போது வரிகள் நேராக நிற்காது. பரவாயில்லை. ரூபக தாளம் என்பதால் இரண்டு அட்சரம், கோடு, நான்கு அட்சரம், இரட்டைக் கோடு என்று ஒவ்வொரு வரியும் இரண்டு ஆவர்த்தம். முதல் இரண்டு வரிகளில் கோடுகளையும் சேர்த்து எண்ணி ஐந்தாவது கட்டத்தை எடுத்தால் ‘ஸ'’ இருக்கும் இடத்தில் ‘ண’ இருக்க வேண்டும், அவ்வளவுதான். அச்சுக்குப் போகும் நாளில் இடைவெளிகளையெல்லாம் டேப் ஆக மாற்றி விரிதாளில் ஒட்டினால் ஒவ்வொன்றும் தன் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சாஹித்யத்தை உடைப்பதில் ஒரு விதி போதும். புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, முன்னால் உள்ள எழுத்தோடு ஒரே கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். ‘ஸிந்’ ஒரு கட்டம், ‘வர்’ ஒரு கட்டம். தொடக்கத்தில் வரும் ‘ஸ்ரீ’ போன்றவற்றுக்கு முன்னால் எதுவும் இல்லை என்பதால் அவை அப்படியே ஒரே கட்டம்.

இனி படத்துக்கு வருவோம். நான் அதிக நேரம் தொலைத்தது இங்கேதான். மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்குத் தலையில் ஒரு புள்ளி வைப்பது அச்சு வழக்கம். தமிழ் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் என்ன ஆகும்? மெய்யெழுத்தாகிவிடும். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் செயலிக்கு இது ஸ்தாயிப் புள்ளி என்று தெரியுமா என்ன, மேல் ஷட்ஜத்தை அது ‘ஸ்’ என்றே எழுதித் தந்தது. முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம் யோசித்தால் இது ஒரு வசதி. ஸ்வர வரியில் மெய்யெழுத்து வரவே வராது. ஆகவே அங்கே ‘ஸ்’ இருந்தால் அது கட்டாயம் மேல் ஸ்தாயிதான், மொத்தமாக மாற்றிவிடலாம். அந்த உற்சாகத்தில் கோப்பு முழுவதும் மாற்றிவிட்டேன், ‘ஸ்ரீ கணநாத’ என்பது ‘ஸ'ரீ கணநாத’ ஆகிவிட்டது. இப்போது ஸ்வர வரிகளைத் தனிக் கோப்பில் வைத்து மாற்றிய பிறகுதான் சேர்க்கிறேன்.

ஆனால் ‘ரி’க்கு இந்த வசதி இல்லை. அதன் தலையில் ஏற்கெனவே இகரத்தின் வளைவு இருப்பதால் புள்ளி அதோடு கலந்து காணாமல் போகிறது. முதல் வரியை இப்படி ‘த ஸ' ஸ' ரி ரி ஸ'’ என்று தட்டி வைத்திருந்தேன். கட்ட எண்ணிக்கை சரி, கண்ணுக்கும் சந்தேகம் வராது. வாய்விட்டுப் பாடினால் உடனே தெரிந்துவிடும். மேல் ஷட்ஜத்திலிருந்து தடாலென்று கீழே ரிஷபத்தில் விழுந்து மறுபடி மேலே ஏற வேண்டியிருக்கும். ஆரம்பப் பாடத்தில் அப்படி யாரும் எழுத மாட்டார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வளைவின் மேல் ஒரு மங்கிய பொட்டு இருந்தது.

படம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஃபிளாஷ் வேண்டாம், புள்ளிகளை வெளுத்துவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். தையல் பக்கம் வளைந்தால் வரியின் கடைசி ஸ்வரம் மடிப்புக்குள் போய்விடும்.

இந்த மாதிரி விட்டுப்போனவற்றைப் பிடிக்க ஒரு சின்ன நிரல் வைத்திருக்கிறேன். கோடுகள் எத்தனையாவது இடத்தில் விழுகின்றன என்று மட்டும் பார்க்கும். இந்தக் கீதத்தில் அவை 3, 8, 11, 16.

```
for n, line in enumerate(open("malahari.txt", encoding="utf-8"), 1):
    c = line.split()
    bars = [i for i, x in enumerate(c, 1) if x in ("|", "||")]
    if bars != [3, 8, 11, 16]:
        print(n, bars)
```

இந்த நிரல் வருவதற்கு முன் நடந்த ஒரு கூத்து. மூன்றாவது வரியைப் புத்தகத்தில் ‘ஸரி மா கரி || ஸரி கரி ஸா’ என்று அச்சிட்டிருந்தார்கள். ‘மா’ என்றால் இரண்டு அட்சரம், நெடில் என்பதே அங்கே கால அளவு. நான் ‘மா’வை ஒரே கட்டமாகத் தட்டினேன், ‘ஸா’வையும் அப்படியே. அச்சுப் பிரதியைப் பார்த்த டீச்சர் சிரித்துவிட்டார். “ஏம்ப்பா, லம்போதரனோட கடைசி எழுத்து தாளத்துக்கு வெளியே நிக்குதே?” உண்மைதான். ‘ர’ இரட்டைக் கோட்டுக்கு நேர் கீழே நின்றது, ‘த’ காந்தாரத்தை விட்டு ரிஷபத்துக்கு நகர்ந்திருந்தது. அந்தப் பழைய கோப்பை இப்போது நிரலில் கொடுத்தால் `5 [3, 7, 10, 14]` என்று வருகிறது. ஐந்தாவது வரியில் முதல் ஆவர்த்தத்தில் ஒரு கட்டமும் இரண்டாவதில் ஒன்றும் குறைகின்றன என்று அதிலேயே படித்துவிடலாம். அதற்குப் பிறகு ஸ்வர வரியில் நெடிலே எழுதுவதில்லை. ‘ம ,’ தான்.

எண்ணிக்கை பிடிக்காத தவறுகளும் உண்டு. மங்கிய அச்சில் ‘ம’வின் சுழி அழிந்தால் ‘ப’ போலத் தெரியும், ‘த’வும் ‘க’வும் குழம்பும். இதற்கு ராகமே காவல். மலஹரியில் நிஷாதம் கிடையாது, ஆரோகணத்தில் காந்தாரமும் கிடையாது. ‘நி’ எங்கே வந்தாலும் தவறு, ‘ரி க ம’ என்று ஏறினாலும் சந்தேகப்பட வேண்டும். ஆனால் மூன்றாவது வரியின் ‘ரி க ரி ஸ’ சரியானது, காந்தாரத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. ஆரம்பத்தில் அதையும் தவறென்று திருத்தப் போய் டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ‘ம’வா ‘ப’வா என்ற சந்தேகத்துக்கு மட்டும் ராகம் உதவாது, இரண்டும் அதில் இருக்கின்றன. பக்கத்து வரியில் அதே சஞ்சாரம் வந்தால் ஒப்பிடுவேன், இல்லையென்றால் புத்தகத்தைக் கையில் வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

சில்லறைத் தொல்லைகள் சில. செல்பேசி விசைப்பலகை நேரான மேற்கோள் குறியைத் தானாக வளைத்துவிடும், அப்புறம் தேடினால் பாதி ஸ்தாயிக் குறிகள் அகப்படாது. ‘ஸ்ரீ’யையும் ‘ஸ’ வைத்து ஒரு மாதிரி, ‘ஶ’ வைத்து இன்னொரு மாதிரி எழுதலாம். திரையில் ஒன்று போலவே இருக்கும், தேடலில் ஒன்றுக்கு மற்றொன்று கிடைக்காது. ஸம்ஸ்கிருத ஒலிகளுக்காக ‘க³’, ‘த²’ என்று எழுத்தின் ஓரத்தில் சிறு எண் போட்டிருக்கும் புத்தகங்களில் அந்த எண்களை எடுத்துவிடுகிறேன். உச்சரிப்பை டீச்சர் வாயிலிருந்து கேட்டுக்கொள்கிறோம் என்பதால் எங்களுக்குக் குறையில்லை, தனியாகப் படிப்பவர்கள் அவற்றை விட்டுவிடக் கூடாது.

வர்ணத்தில்தான் இந்த முறை திணறுகிறது. இரண்டாம் காலத்துக்கு ஸ்வரங்களின் மேல் கோடு போட்டிருப்பார்கள். அதை ‘பத’ என்று இடைவெளியில்லாமல் ஒரே கட்டத்தில் சேர்த்து எழுதிப் பார்த்தேன், எண்ணிக்கை நின்றது. ஆனால் சாஹித்யத்தின் ஓர் எழுத்து பத்துப் பன்னிரண்டு கட்டங்களுக்கு நீண்டு, கீழ் வரி முழுவதும் வெறும் சிறு கோடுகளாகிவிட்டது. பாடுகிறவர்கள் கண் வழி தவறிவிடுகிறது. 1904-ல் எட்டயபுரத்தில் வெளிவந்த சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினியில் கமகத்துக்கென்றே ஸ்வரங்களின் மேல் தனிக் குறிகள் உண்டு, அந்த மாதிரிப் பக்கத்தையெல்லாம் இந்த இரண்டு வரிக்குள் அடக்க வழியே இல்லை. வர்ணப் பக்கங்களைப் படமாகவே வைத்திருக்கிறேன். வரி வரியாக வெட்டி, அச்செடுத்து, டீச்சர் பென்சிலால் சாஹித்ய எழுத்துக்கு மேல் ஒரு சுழி போட்டுத் தருகிறார்.