ரிக்காட்டி சமன்பாடு: ஒரு தீர்வு தெரிந்திருக்கும்போது எந்தப் பிரதியிடல் நல்லது?

y' = q0 + q1·y + q2·y² என்ற வடிவில் வரும் முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு ரிக்காட்டி சமன்பாடு என்று பெயர். இத்தாலியரான ஜாக்கோபோ ரிக்காட்டி 1724-இல் இந்த வகையை ஆராய்ந்து வெளியிட்டார். y² இருப்பதால் தொகையீட்டுக் காரணியை நேரடியாகப் போட முடியாது. ஆனால் ஏதோ ஒரு தீர்வு y1 தெரிந்துவிட்டால் வழி திறந்துவிடும். எந்த வழியாகப் போவது என்பதுதான் கேள்வி. மூன்று வழிகளையும் ஒரே கணக்கில், x > 0 என்று கொண்டு, போட்டுப் பார்ப்போம்:

y' = y² − y/x − 1/x²

முதலில் y1 வேண்டும். எல்லா உறுப்புகளும் 1/x² அளவிலேயே இருப்பதால் y = a/x என்று வைத்துப் பார்ப்பது இயல்பு. வைத்தால் −a = a² − a − 1, அதாவது a² = 1. y1 = 1/x என்று எடுத்துக்கொள்வோம்.

y = y1 + 1/v

என் முதல் தேர்வு இதுதான். y = 1/x + 1/v என்று பிரதியிட்டால்:

−1/x² − v'/v² = (1/x² + 2/(xv) + 1/v²) − 1/x² − 1/(xv) − 1/x²

v இல்லாத உறுப்புகள் இரு பக்கமும் அடிபட்டுப் போக வேண்டும். போகவில்லையென்றால் y1 தீர்வே இல்லை. அங்கேயே நிறுத்திவிட்டு அதைச் சரிபார்க்க வேண்டும். மீதியை −v² ஆல் பெருக்கினால்:

v' + v/x = −1

இது நேரியல் சமன்பாடு. தொகையீட்டுக் காரணி x. (xv)' = −x என்பதிலிருந்து v = (K − x²)/(2x) கிடைக்கும். ஆகவே:

y = 1/x + 2x/(K − x²)

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் 1/v-இன் வகைக்கெழுவில் வரும் கழித்தல் குறி. அதை விட்டால் v' = v/x + 1 என்று வரும்; அதுவும் நேரியல்தான் என்பதால் தவறு வெளியே தெரியாது. இதைப் பிடிக்க எளிய சோதனை உண்டு: v' தனியே ஒரு பக்கம் நிற்கும்போது மாறிலி உறுப்பு −q2 ஆக இருக்க வேண்டும். இங்கே q2 = 1, ஆகவே −1 வர வேண்டும்.

இந்த வழியின் இன்னொரு நன்மை தொடக்க நிபந்தனை கொடுத்தால் தெரியும். y(1) = 3 என்றால் K = 2. கெழுக்களில் எந்தக் கோளாறும் இல்லாதபோதும் y, x = √2-இல் முடிவிலிக்குப் போய்விடுகிறது. v-யைப் பார்த்தால் காரணம் தெளிவு: அது அங்கே அமைதியாகப் பூஜ்ஜியத்தைக் கடக்கிறது, அவ்வளவுதான். கணினியில் எண்முறையில் தீர்ப்பவர்கள் √2 அருகே y-யைத் துரத்துவதைவிட v-யைக் கணக்கிடுவது நல்லது.

குறை ஒன்று உண்டு. எந்த K போட்டாலும் y = 1/x வராது. y(1) = 1 என்று நிபந்தனை வந்தால், கையில் வைத்திருக்கும் y1-தான் விடை என்பதை நாமே நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும்.

y = y1 + w

w = y − 1/x என்று வைத்தால் w' = w² + w/x என்ற பெர்னூலி சமன்பாடு வருகிறது. இதில் w = 0 ஒரு தீர்வு என்பது கண்ணெதிரே நிற்கிறது, ஆகவே 1/x தொலைவதில்லை. பிறகு w² ஆல் வகுத்து v = 1/w என்று வைத்தால் முன்பு வந்த அதே நேரியல் சமன்பாடுதான். ஒரு படி கூடுதல். முதன்முறை படிப்பவர்களுக்கு இதையே சொல்லித்தருவேன், 1/v எங்கிருந்து குதித்தது என்பது இதில்தான் புரியும்.

y = −u'/(q2·u)

இதற்கு y1 தேவையே இல்லை. நம் கணக்கில் q2 = 1 என்பதால் y = −u'/u. சமன்பாடு x²u'' + xu' − u = 0 ஆகிறது. இது ஆய்லர் வகை; u = Ax + B/x. ஆகவே:

y = (B − Ax²)/(x(Ax² + B))

A = −1, B = K என்று போட்டால் முதல் விடையேதான். A = 0 என்றால் 1/x-உம் வந்துவிடுகிறது; எதுவும் தொலைவதில்லை. இரண்டு மாறிலிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், A, B-இன் விகிதம் மட்டுமே விடையைத் தீர்மானிக்கிறது. ஆனால் விலை, இரண்டாம் வரிசைச் சமன்பாடு. இங்கே ஆய்லர் வகையாக அமைந்தது நம் அதிர்ஷ்டம். y1 தெரிந்திருக்கும்போது இந்தச் சுற்றுவழி வீண் உழைப்பு.

y1 அகப்படாதபோது கதை மாறுகிறது. y' = x² + y² பார்க்க எளிதாக இருந்தாலும் அதன் தீர்வுகளை அடிப்படைச் சார்புகளால் எழுத முடியாது; லியூவில் 1841-இல் இதை நிறுவினார். ஆகவே 1/v-க்கு வைக்க, எழுதிக் காட்டக்கூடிய y1 எதுவும் இங்கே கிடைக்காது. மூன்றாவது வழியில் போனால் u'' + x²u = 0 வரும்; அதன் தீர்வுகளைப் பெஸ்ஸல் சார்புகளைக் கொண்டு எழுதலாம்.