பக்கத்து வீட்டுக்கு எழுதி வைக்கும் தாள்: நாள்வாரியா, இடவாரியா?

ஆடி மாசம், கல்லடியில் ஒரு வீடு. புதன் விடியப் புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்புகிறார்கள். பூச்சாடிகள், நாய், மீன் தொட்டி எல்லாம் பக்கத்து வீட்டு அக்காவின் பொறுப்பு. அவருக்கு எழுதும் தாளை நாள்வாரியாகவும் எழுதலாம், இடவாரியாகவும் எழுதலாம்.

நாள்வாரியில் ஒரே வரி ஐந்து தரம் வரும்: "காலையில் சாடிக்குத் தண்ணி, பின்னேரம் நாய்க்குச் சோறு." மூன்றாம் நாள் யாரும் தாளைப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் உரிய வேலை அதற்குள் அமுங்கிவிடும். ஆனால் அக்காவும் மகனும் மாறி மாறி வருவதாக இருந்தால் இதுதான் நல்லது. செய்ததற்குச் சரி போடாவிட்டால் மீனுக்கு இரண்டு பேரும் தீனி போடுவார்கள். மிஞ்சியது அழுகித் தண்ணீர் கலங்கும். மீன் பட்டினியில் சாவதைவிட இப்படிச் சாவதே அதிகம்.

இடவாரித் தாள் கால் போகும் வழியில் போகும்: படலை, விறாந்தை, குசினி.

"படலை: சிவப்பு நூல் கட்டின திறப்பு. உப்புக் காத்துக்குப் பூட்டு இறுகியிருக்கும். திறப்பை முழுக்க உள்ள விட்டு, கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்புங்க அக்கா. முறுக்கினா உள்ளயே முறிஞ்சிடும்."

"விறாந்தை: பெரிய சாடிக்கு ரெண்டு பேணி, சின்னதுக்கு ஒண்டு. விரலை மண்ணுக்குள்ள ரெண்டாம் ரேகை வரைக்கும் விட்டுப் பாருங்க, ஈரமா இருந்தா ஊத்த வேண்டாம்."

இந்த விரல் வரி கட்டாயம் வேணும். கச்சான் காற்றில் மத்தியானம் இலை துவளும், மண்ணில் ஈரம் இருந்தாலும். அதைப் பார்த்துப் பாவப்பட்டு இன்னும் ஊற்றினால் வேர் அழுகும். "அளவாக ஊத்துங்க" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். பேணியைச் சாடிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மோட்டர் வேலையை எந்தத் தாளிலும் எழுதாமல் விடுவது நல்லது. போட்ட நேரம் கரண்ட் போனால் சுவிட்சை மறந்து போவார்கள். ராவில் கரண்ட் வந்து அது தானே ஓடும். ஆடியில் கிணறு வற்றியிருந்தால் தண்ணீர் இல்லாமல் ஓடி எரிந்துவிடும். தாங்கியையும் இரண்டு வாளியையும் நிரப்பி வைத்தால் சாடிகளுக்குப் போதும்.

ஒருவர் மட்டும் வருவதென்றால் இடவாரிதான் சரி. மீனுக்கு மட்டும் நாள்வாரியைக் கடன் வாங்குங்கள்: ஒரு சிட்டிகைத் தீனியைக் கடதாசியில் மடித்து "வெள்ளி" என்று எழுதித் தொட்டி மூடியில் ஒட்டிவிடுங்கள். பெரிய மீன்கள் ஐந்து நாளுக்கு அதோடு தாங்கும். தீனி டப்பாவை அலுமாரிக்குள் வையுங்கள், கண்ணில் பட்டால் கை போகும்.

நாய்க்குத் தனி வரி:

"குசினி: பின்னேரம் ஒரு சுண்டு சோறு, அவிச்ச மீன் முள்ளில்லாம. கோப்பையைத் தண்ணித் தட்டுக்குள்ள வையுங்க, எறும்பு வராது. முதல் நாள் சாப்பிடாட்டிப் பரவாயில்லை. தண்ணியும் குடிக்காட்டி உடனே கோல் எடுங்க."