வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருக்கும் புரொஜெக்டர் லைட்டை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கிறிஸ்துமஸுக்கு வீட்டு முகப்பில் சீரியல் லைட் கட்டுவதற்குப் பதிலாகப் புரொஜெக்டர் லைட் வைக்கலாம் என்று யோசிக்கிறீர்களா, அதுவும் எங்கள் நாகர்கோவில் பக்கம் டிசம்பர் மழையில்? அப்படியென்றால் கொஞ்சம் பொறுங்கள். போன வருஷம் 3,200 ரூபாய் கொடுத்து நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கடை பெயர் போடவில்லை, கமென்டில் கேட்காதீர்கள். இதே பெட்டி, இதே பேச்சு இப்போது பல கடைகளில் இருக்கிறது.

நான் வாங்கியது 'டூ இன் ஒன்'. ஒரு பக்கம் எல்ஈடி விளக்கு ஸ்லைடு வழியாகப் பனி விழுகிற படம் காட்டும், இன்னொரு பக்கம் லேசர் சிவப்பு, பச்சைப் புள்ளிகளாகச் சுவர் முழுக்கத் தெளிக்கும். (நாகர்கோவிலில் பனி! சரி, பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது.) கடைக்காரர் கடைக்குப் பின்னால் ஒரு இருட்டறைக்குக் கூட்டிப்போய் வெள்ளைச் சுவரில் ஐந்தடி தூரத்தில் போட்டுக் காட்டினார். பிரமாதமாகத்தான் இருந்தது. "வீடு முழுக்க இப்படித்தான் சார் வரும், ஐபி65, மழை ஒன்னும் பண்ணாது, சீரியல் மாதிரி ஏணி போட்டு ஏற வேண்டாம்" என்றார். கூடவே கடைப் பையனை அனுப்பினார், மாட்டிக் கொடுக்க 300 ரூபாய் தனி.

முதலில் வெளிச்சம். கடையில் ஐந்தடியில் படம் ஏறக்குறைய நாலடிக்கு நாலடி இருந்தது, அதாவது 16 சதுர அடி. எங்கள் வீட்டில் கேட் தூணில் மாட்டினால் சுவருக்குப் பதினைந்து அடி. தூரம் மூன்று மடங்கு ஆனால் படத்தின் அகலமும் உயரமும் மும்மூன்று மடங்கு ஆகும், 144 சதுர அடி. அதே விளக்கு, அதே வெளிச்சம், ஒன்பது மடங்கு பரப்பில் பரவுகிறது. அப்படியென்றால் கடையில் பார்த்ததில் ஒன்பதில் ஒரு பங்குதான் சுவரில் விழும். அதற்கு மேல் எங்கள் தெருவிளக்கு கேட்டுக்கு நேர் எதிரே நிற்கிறது. அது எரிந்தால் பனி எங்கே விழுகிறது என்று தேட வேண்டும்.

சுவர் சங்கதி இன்னும் மோசம். புரொஜெக்டர் காட்டுவது சுவர் திருப்பி அனுப்புகிற வெளிச்சத்தை மட்டும்தான். வெள்ளை டிஸ்டெம்பர் அடித்த சமமான சுவரென்றால் நன்றாகத் தெரியும். எங்கள் முகப்பில் பாதி மெரூன் எலிவேஷன் டைல்ஸ், அது வெளிச்சத்தைக் குடித்துவிடும், மிச்சத்தைக் கண்ணாடி மாதிரி வேறெங்கோ திருப்பிவிடும். நடுவில் சன்ஷேடு இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கிறது, கீழே போர்டிகோ. படம் சன்ஷேடில் உடைந்து, அதன் கீழே நிழல் விழுந்து, மேலே ஃபோகஸ் சரியாக இருந்தால் கீழே மங்கிப்போகும். ஸ்நோஃப்ளேக் எல்லாம் ஏதோ சுண்ணாம்பு தெறித்த மாதிரி இருந்தது.

சீரியல் லைட்டில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் நாம் பார்ப்பது பல்பையே, சுவரை அல்ல. டைல்ஸ் என்ன நிறம், சுவர் சமமா என்பதெல்லாம் அதற்குச் சம்பந்தமில்லை. அதனால்தான் சில வாட் மட்டுமே எடுக்கிற ஒரு வார்ம் ஒயிட் சரம் மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஓடினால் தெருமுனையிலிருந்தே தெரிகிறது.

அப்புறம் மழை. இதுதான் பெரிய ஏமாற்று, விளக்கமாகவே சொல்கிறேன். ஐபி65 என்றால் தூசி உள்ளே போகாது, எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்று அர்த்தம். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி44 என்றால் தெறிக்கிற தண்ணீர் வரை. ஐபி20 என்றால் தண்ணீருக்குப் பாதுகாப்பே இல்லை. பெட்டியில் ஐபி65 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது விளக்குத் தலைக்கு மட்டும்தான். கூட வருகிற அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 12 வோல்ட் அது இது என்று எழுதி, ஓரத்தில் ஒரு சின்ன வீட்டுப் படம் இருக்கும். அந்தப் படத்துக்கு அர்த்தம், இதை வீட்டுக்குள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது. கடைப் பையன் அந்த அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, கேட் பக்கத்தில் செம்பருத்திச் செடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனான். "வெளியில இருக்கலாமா தம்பி" என்று கேட்டதற்கு "எல்லாமே வாட்டர்ப்ரூஃப்தான் அண்ணே" என்று பதில்.

முதல் நல்ல மழைக்கு, மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கிற ஈஎல்சிபி ட்ரிப் ஆகி வீடு முழுக்க இருட்டு. தூக்கிவிட்டால் உடனே விழுகிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை உள்ளே சுவிட்சிலேயே பிடுங்கியதும் நின்றுவிட்டது. ஈஎல்சிபி இருந்ததால் தப்பித்தோம், இல்லாத பழைய வீடு எத்தனை இருக்கிறது நம் ஊரில்? யாராவது வெறுங்காலோடு ஈரத்தில் கேட்டைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மறுநாள் அடாப்டரும் போய்விட்டது, தலையும் எரியவில்லை. லென்ஸுக்கு உள்பக்கம் வியர்த்த மாதிரி நீர்த்துளி. எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், "தண்ணி உள்ள போயிருக்கு சார், அதுக்கு வாரண்டி கிடையாது" என்கிறார். வாட்டர்ப்ரூஃப் என்று விற்ற பொருளில் தண்ணீர் போனால் வாரண்டி கிடையாதாம்! அந்த வீட்டுப் படத்தைக் காட்டினேன். "ஆமா சார், வீட்டு டெக்கரேஷன் லைட்டுன்னு போட்டிருக்கு" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வாரண்டிதான் இல்லை என்றாகிவிட்டதே என்று அவர் கண்ணெதிரிலேயே கழற்றினேன். ஒயர் உள்ளே போகிற துளையில் ஒயரை இறுக்கிப் பிடித்துத் தண்ணீரைத் தடுக்கிற கிளாண்ட் இல்லை, குளூ கன்னால் ஒட்டியிருக்கிறார்கள், அதுவும் ஒரு பக்கம் பெயர்ந்து இருந்தது. முன்பக்கக் கண்ணாடியைச் சுற்றி வர வேண்டிய ரப்பர் வளையம் முக்கால் வட்டம்தான், மீதி இடத்தில் வெறும் இடைவெளி. ஐபி65 என்று எழுத ஸ்டிக்கர் போதும், தாங்குவதற்கு அந்த வளையம் வேண்டும். வாங்கும்போதே ஒயர் நுழைகிற இடத்தைப் பாருங்கள். திருகுகிற கிளாண்ட் இருக்கிறதா, ஒயரை லேசாக இழுத்தால் அசைகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று, நல்ல புரொஜெக்டராகவே இருந்தாலும் மழை பெய்கிற நேரத்தில் பிரயோஜனம் குறைவு. லென்ஸில் துளி நின்றால் படம் வழிந்துவிடும். நனைந்த சிமென்ட் சுவர் நிறம் கறுக்கும், அதனால் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் போகும்.

சீரியலுக்கு மழை ஒன்றும் செய்யாது என்று சொல்ல மாட்டேன். சாலையோரத்தில் கிடைக்கிற மலிவு சரங்கள் பல 230 வோல்ட்டை நேராக எடுப்பவை. டேப் சுற்றிய ஒவ்வொரு ஜாயின்டும், சரத்தின் கடைசி முனையும் ஆபத்துதான். நாங்கள் கட்டிய சரத்திலும் நடுவில் ஒரு துண்டு தண்ணீர் புகுந்து அணைந்துபோனது. ஆனால் மற்றது ஜனவரி வரை எரிந்தது. காரணம், மினுக்குகிற கன்ட்ரோலர் டப்பாவைச் சன்ஷேடுக்கு அடியில் வைத்து, ஒயரை டப்பாவுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றியிருந்தோம், வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சரம் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவெண் இருக்கிறதா பாருங்கள், R- என்று தொடங்கும். BIS Care ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரியும்.

அக்கம்பக்கம் கதைக்கு வருகிறேன். புரொஜெக்டர் எரிந்த நாட்களில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாடிவீட்டு அக்கா வந்து, "தம்பி, பச்சைப் புள்ளி எல்லாம் எங்க பெட்ரூம் சுவத்துல ஓடுது, குழந்தை தூங்க மாட்டேங்குது" என்றார்கள். எல்ஈடி படம் தூரம் போகப் போக மங்கும், லேசர் அப்படியல்ல. அதன் கதிர் அதிகம் விரியாது. எங்கள் வீடு ஒரு தளம்தான், லைட்டோ கீழிருந்து மேல்நோக்கி இருக்கிறது. கைப்பிடிச் சுவருக்கு மேலே தப்பிப்போன புள்ளிகள் பின்வீட்டு மாடியில் அதே பளிச்சோடு விழுந்திருக்கின்றன. அந்த அக்கா ஜன்னலிலிருந்து பார்த்தால் லென்ஸே நேராகக் கண்ணில் குத்தியது. எதிர்வீட்டு சாருக்கு வேறு மாதிரி. எங்கள் ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அவர் வராந்தாவில் விழுந்தது. அவருக்குக் கண்ணில் புரை, கூச்சம் இரட்டிப்பாகத் தெரியும். பாவம், அவர் வாயைத் திறந்து சொல்லவே இல்லை, அவர் மருமகள்தான் சொன்னார்.

சரத்தில் வெளிச்சம் நூறு இடத்தில் பிரிந்து கிடக்கிறது, ஒவ்வொன்றும் மங்கல். இதில் முழுவதும் ஒரே லென்ஸில். அதுதான் கண்ணைக் கூச வைக்கிறது. அதற்கு மேல் அசைவு வேறு. திரையை இழுத்து மூடினாலும் ஓரத்தில் ஓடுகிற புள்ளி கண்ணை இழுக்கும்.

என் லைட்டில் லேசர் எந்த வகுப்பு என்று எங்கேயும் போடவில்லை. கிளாஸ் 1 அல்லது கிளாஸ் 2 என்று லேபிள் இருக்க வேண்டும், கிளாஸ் 2 என்றால் 1 மில்லிவாட்டுக்குள். லேபிளே இல்லாததைப் பிள்ளைகள் கண் உயரத்துக்குக் கேட் தூணில் மாட்டுவது வேண்டாத வேலை.

கடைக்காரர் பணம் தர மறுத்ததும் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுத்தேன். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தால் பயந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. பில் தராமல் இருப்பதும் அதே கணக்கில் வரும், அதனால் 'பில் இல்லாமல் 200 குறைச்சு' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். என் விஷயத்தில் கடைசியில் லைட்டின் விலை வந்தது, மாட்டுக்கூலி 300 வரவில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், முகப்பு வெள்ளைச் சுவராக, சமமாக இருந்தால் வையுங்கள், தப்பில்லை. அடாப்டர் வீட்டுக்குள், 12 வோல்ட் ஒயர் மட்டும் வெளியே. தலையை போர்டிகோ கூரைக்கு அடியில் மாட்டி, சுவரை நோக்கிக் கீழே சாய்த்து வையுங்கள், படத்தின் மேல் விளிம்பு கைப்பிடிச் சுவருக்கு ஒரு அடி கீழேயே நிற்கட்டும். லேசர் பக்கத்துக்குத் தனி சுவிட்ச் இருந்தால் அணைத்தே விடலாம். கடைப் பையன் கடைசியாகச் சொன்ன யோசனை, "பாலித்தீன் கவர் போட்டுக் கட்டிடுங்க அண்ணே" என்பது. அதைச் செய்யாதீர்கள், உள்ளே சூடு தங்கும், ஆவி லென்ஸில் படியும், கவருக்குள் புகுந்த தண்ணீர் வெளியே போக வழியும் இருக்காது.