மூலையில் வளைவா, அடியில் தடிமனா? பிரிண்ட் செய்த பிராக்கெட் வேரோடு முறிவதைப் பற்றி

பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்கூடங்களுக்குச் சில்லறைச் சாமான்கள் 3டி பிரிண்ட் போட்டுத் தருகிற எனக்கு, முறிந்து திரும்பி வருகிற பாகங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முறிந்திருக்கும். தட்டையான அடித்தட்டிலிருந்து நிமிர்ந்த சுவர் எழும்புகிற அந்த உள்மூலையில். அதற்கு ஆளாளுக்குச் சொல்கிற வைத்தியம் இரண்டு: மூலைக்கு ரேடியஸ் கொடுத்து வளைவாக்குவது, அதாவது ஃபில்லெட், இல்லையென்றால் அடித்தட்டைத் தடிமனாக்குவது. நான் ஃபில்லெட் கட்சி. ஆனால் தடிமன் ஜெயிக்கிற இடமும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு சாமானையே எடுத்துக்கொள்வோம். தறி ஃப்ரேமில் பிராக்ஸிமிட்டி சென்சாரைப் பிடித்து நிற்கிற பிராக்கெட். அடித்தட்டு 50க்கு 40 மில்லிமீட்டர், தடிமன் 4. நடுவில் 25 அகலம், 4 தடிமனில் ஒரு சுவர். சுவரின் வேரிலிருந்து 45 மில்லிமீட்டர் உயரத்தில் 12 மில்லிமீட்டர் சென்சார். சுவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு எம்5 போல்ட், ஓட்டையின் நடு சுவரிலிருந்து 9 மில்லிமீட்டர் தள்ளி. பொருள் பிஇடிஜி பிளாஸ்டிக். இதைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடித்தால் இழைகள் மூலையைச் சுற்றித் தொடர்ச்சியாக ஓடும், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் அடித்தட்டு சுவரை விட அகலம் என்பதால் படுக்க வைத்தால் சுவர் அந்தரத்தில் தொங்கும், கீழே சப்போர்ட் நிரப்ப வேண்டும், சென்சார் உட்காரும் முகம் சொரசொரப்பாகிவிடும். அதனால் நிற்க வைத்துத்தான் அடிக்கிறோம். லேயர் எல்லாம் சுவருக்குக் குறுக்கே போகும். பிரிண்ட் செய்த பாகம் லேயருக்கும் லேயருக்கும் நடுவில்தான் பலவீனம், அந்தப் பலவீனமான கோடு சரியாக மூலையிலேயே விழுகிறது.

முறிந்த துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முறிந்த முகம் தட்டையாக, மழமழவென்று, இழைகளின் கோடு தெரிகிற மாதிரி இருந்தால் லேயர் பிரிந்து போயிருக்கிறது. பிய்ந்து, நார்நாராக, கோணல்மாணலாக இருந்தால் பொருளே தாங்காமல் கிழிந்திருக்கிறது. மூலையில் போகிறவை பெரும்பாலும் முதல் ரகம்தான். முழுசாக முறிவதற்கு முன்னாலேயே நகத்தை மூலையோடு இழுத்தால் மெல்லிசாகத் தட்டும், கருப்புச் சாமானாக இருந்தால் வெளுத்த கோடு ஒன்று தெரியக்கூடும்.

இந்த பிராக்கெட்டைக் கொண்டுவந்த தறிக்கார அண்ணன் கேட்டது எல்லோரும் கேட்பதுதான். “ஏனுங் தம்பி, அடிப்பக்கத்த இன்னுங் கொஞ்சம் தடிமனாப் போட்டுட்டா தாங்காதுங்களா?” நியாயமான கேள்விதான். வேர் பலமாக இருந்தால் மரம் நிற்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது.

சென்சார் இருக்கிற இடத்தில் ஒரு கிலோ அளவுக்குத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது சுமார் 10 நியூட்டன். கேபிளை யாராவது இழுத்தாலே அவ்வளவு வரும். 45 மில்லிமீட்டர் கை நீளத்துக்கு 450 நியூட்டன்-மில்லிமீட்டர் வளைவு விசை. சுவரின் வேரில் அது உண்டாக்கும் அழுத்தம், வளைவு விசையை ஆறால் பெருக்கி, அகலத்தாலும் தடிமனின் வர்க்கத்தாலும் வகுத்தால் வருவது: 6 × 450 ÷ (25 × 16), சதுர மில்லிமீட்டருக்கு 6.75 நியூட்டன். இது மூலையே இல்லாத ஒரு கற்பனைச் சுவருக்கு. கூர்மையான மூலை இருந்தால் விசை அங்கே குவிந்து இரண்டு மடங்குக்கு மேலேயே போகும், 15 பக்கம் வரும். ஒரே தடவை தள்ளினால் பிஇடிஜி அதைத் தாங்கிவிடும். ஆனால் தறி நாளெல்லாம் தட்டுகிறது. திரும்பத் திரும்ப ஆடும்போது ஒரு தடவை தாங்கியதை விட ரொம்பக் குறைந்த விசையிலேயே விரிசல் பிறக்கும், அதுவும் குவிகிற இடத்தில்தான் பிறக்கும்.

இப்போது அடித்தட்டை 4லிருந்து 8 ஆக்குங்கள். மேலே போட்ட கணக்கில் எந்த எண் மாறியது? ஒன்றும் இல்லை. அந்த 16 சுவரின் தடிமனிலிருந்து வந்தது, அடித்தட்டிலிருந்து அல்ல. சுவர் அதே 4, மூலை அதே கூர்மை. செலவான பிளாஸ்டிக், கெட்டியாக அடித்தால், கிட்டத்தட்ட 10 கிராம், ஆனால் முறிகிற இடத்துக்கு ஒரு பைசாப் பிரயோஜனம் இல்லை. போதாக்குறைக்குச் சென்சார் 4 மில்லிமீட்டர் மேலே ஏறிவிட்டது, போல்ட்டும் நீளம் பத்தாது.

இன்னொரு சிக்கல், டிசைனை லேயர் லேயராக வெட்டித் தருகிற மென்பொருளில், அதாவது ஸ்லைசரில், ஒளிந்திருக்கிறது. தடித்த அடித்தட்டு என்றால் உள்ளே முழுசாக நிரம்பியிருக்காது. மேலே நாலைந்து லேயர் கெட்டி, 0.2 லேயரில் அது ஒரு மில்லிமீட்டர்தான், அதற்குக் கீழே வலை மாதிரி இன்ஃபில். சுவர் நிற்பது அந்த ஒரு மில்லிமீட்டர் தோல் மேல். இப்படிப்பட்ட சாமான் முறியும்போது சுவர் தனியாக வராது, மேல்தோலையும் ஒரு வட்டம் பிய்த்துக்கொண்டு வரும், அடியில் இன்ஃபில் பல்லைக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ‘இன்னும் தடிமன் பத்தலை’ என்று மறுபடி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தடிமன்தான் வேண்டும் என்றால் சுவருக்கு நேர் கீழே மட்டுமாவது மாடிஃபையர் பெட்டி ஒன்றை வைத்து இன்ஃபிலை நூறு சதவீதம் ஆக்குங்கள்.

ஃபில்லெட் வேறு வழியில் வேலை செய்கிறது. அதே சுவர், அதே அடித்தட்டு, மூலைக்கு மட்டும் 3 மில்லிமீட்டர் ரேடியஸ். குவிகிற மடங்கு இரண்டு சொச்சத்திலிருந்து 1.2க்குப் பக்கம் இறங்கிவிடும், அழுத்தம் 15லிருந்து 8 ஆகும். சுவரின் இரண்டு முகத்துக்கும் சேர்த்துக் கூடுதலாகப் போகிற பிளாஸ்டிக் கால் கிராம்கூட இல்லை. சுவரின் தடிமனில் பாதியாவது ரேடியஸ் இருக்க வேண்டும் என்பது நான் பிடித்துக்கொண்டிருக்கிற அளவு. முக்கால் பங்குக்கு மேலே போனால் பெரிதாக லாபம் தெரியாது, இடம்தான் அடைக்கும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த எண்ணை விட, சுவரின் முதல் லேயர் விஷயம். அடித்தட்டின் கடைசி லேயர் பரப்பு பெரியது, அடித்து முடிக்க நேரமாகும், அதற்குள் ஆரம்பத்தில் போட்ட இழை நன்றாக ஆறிவிடும். அந்த ஆறிய பரப்பின் மேல் திடீரென்று 25க்கு 4 என்ற சின்னச் சுவர் தொடங்குகிறது. பிரிண்டரைச் சோதிக்க அடிக்கிற பெஞ்சி படகை அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தளம் முடிகிற உயரத்தில் உடம்பைச் சுற்றி ஒரு கோடு விழும். பரப்பு சட்டென்று மாறும்போது ஆறுவதும் சுருங்குவதும் மாறுவதால் வருவது அது. நம் பிராக்கெட்டில் அந்த மாற்றம் நடக்கிற உயரமும், வளைவு விசை அதிகமாக இருக்கிற உயரமும், கூர்மூலையும் மூன்றும் ஒன்றாக விழுகின்றன. ஃபில்லெட் போட்டால் சுவர் அடியில் 10 மில்லிமீட்டர் தடிமனாகத் தொடங்கி, பதினைந்து லேயரில் படிப்படியாக 4க்கு இறங்குகிறது. ஆறிய பரப்பில் ஒட்டுகிற அந்த முதல் லேயர் இப்போது இரண்டரை மடங்கு அகலம். பலவீனமான ஒட்டு இருந்தாலும் அதன் மேல் விழுகிற சுமை குறைவு. அடித்தட்டை எவ்வளவு தடித்தாலும் இது கிடைக்காது.

இது புது வித்தை ஒன்றும் இல்லை. கோயமுத்தூர் ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்கிறவர்கள் உள்மூலையில் மெழுகோ புட்டியோ வைத்து வழித்துவிடுவது இதற்குப் பக்கத்துக் காரணத்துக்காகத்தான், வார்ப்பு சுருங்கும்போது மூலை கிழியாமல் இருக்க.

ஃபில்லெட்டின் தொல்லைகள் என்று பார்த்தால், முதலில் வாஷர். எம்5 வாஷரின் விட்டம் 10. ஓட்டையின் நடு சுவரிலிருந்து 9 தள்ளி, அதில் வாஷருக்கு 5 போனால் மிச்சம் 4. இதனால்தான் 3 ரேடியஸ் போட்டேன், 5 அல்ல. வாஷர் ஃபில்லெட் மேல் ஏறி உட்கார்ந்தால் போல்ட்டை இறுக்க இறுக்க அதுவே ஆப்பு மாதிரி சுவரைத் தள்ளும், தறி ஓட வேண்டிய அவசியமே இல்லை, மாட்டும்போதே வெடிக்கும். அதேபோல மூலைக்குள் வேறொரு சாமானின் கூர்முனை வந்து உட்காரும் என்றால் அந்தச் சாமானின் முனையை மழுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, சுவரின் இரண்டு முகத்துக்கு மட்டும் ஃபில்லெட் போட்டுவிட்டு நிறுத்துவது. இந்தச் சுவர் அடித்தட்டை விடக் குறுகலானது, 25 அகலத்தின் இரண்டு ஓரத்திலும் மூலை இருக்கிறது. டிசைன் மென்பொருளான ஃப்ரீகேடில் நான்கு விளிம்பையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே ஃபில்லெட்டாகப் போடுங்கள், அதுவும் டிசைனின் கடைசி வேலையாக. தனித்தனியாகப் போட்டால் மூலைகள் சந்திக்கிற இடத்தில் அது அடிக்கடி முரண்டு பிடிக்கும்.

மூன்றாவது, திசை. மேல்நோக்கிக் குறுகுகிற ஃபில்லெட் சப்போர்ட் இல்லாமல் வரும், நம்முடையது அப்படித்தான். சுவரின் உச்சியில் பக்கவாட்டில் ஒரு கை நீள்கிறது, அதற்கு அடியில் இருக்கும் மூலை என்றால் ஃபில்லெட்டின் கடைசிப் பகுதி கிட்டத்தட்டப் படுக்கையாகி இழை தொங்கிவிடும். அங்கே வளைவுக்குப் பதில் 45 டிகிரி நேர்ச்சரிவு, அதாவது சாம்ஃபர் போடுங்கள், கொஞ்சம் குறைந்த பலன்தான், ஆனால் சுத்தமாக வரும்.

சரி, தடிமன் எங்கே ஜெயிக்கிறது? அடித்தட்டை விட்டுவிட்டுச் சுவரைத் தடித்தால் கதை வேறு. 4ஐ 6 ஆக்கினால் 6.75 என்பது 3 ஆகிவிடும், கூர்மூலையோடு சேர்த்தே 7.5 பக்கம்தான், அதாவது ஃபில்லெட் போட்ட 4 மில்லிமீட்டர் சுவருக்குச் சமம். பிளாஸ்டிக் 3 கிராம் பக்கம் கூடும். அதற்கு மேல் ஒரு லாபம், விறைப்பு. வளைவது தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது, 4க்கு 6 என்றால் மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. ஃபில்லெட் முறிவைத் தடுக்கும், ஆட்டத்தை நிறுத்தாது. சென்சார் முனைக்கும் அது படிக்கிற இரும்புக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளிதான் என்றால், ஆட்டத்தில் எண்ணிக்கை தவறுகிறதென்றால், சுவரைத் தடிக்காமல் வழியில்லை. உள்ளே இன்ஃபில் இல்லாமல், ஓரத்தைச் சுற்றி ஓடுகிற இழைகளான பெரிமீட்டராலேயே நிரம்புகிற அளவுக்குப் பெரிமீட்டர் எண்ணிக்கையையும் ஏற்றுங்கள்.

அடித்தட்டைத் தடிப்பதற்கும் ஒரு நியாயமான இடம் உண்டு. போல்ட்டுகள் சுவரிலிருந்து ரொம்பத் தள்ளி இருந்தால் நடுவில் தட்டே வளைந்து தூக்கும். அப்போது 6 வரை போகலாம். ஏபிஎஸ்ஸில் இதைச் செய்தால் தடித்த தட்டின் முனைகள் பிரிண்டரின் படுக்கையிலிருந்து மேலே சுருள ஆரம்பிக்கும் என்பதை மனதில் வையுங்கள். நைலானில் நான் அடித்தது குறைவு, அதற்கு இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணனுக்குக் கடைசியில் கொடுத்தது அடித்தட்டு அதே 4, சுவர் 6, சுற்றிலும் 3 ரேடியஸ். சுவரைத் தடித்தது வெளிப்பக்கமாக, அதனால் போல்ட்டின் ஓட்டைகளை இரண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் நகர்த்த வேண்டியிருந்தது. ஃப்ரேமில் இருந்த ஓட்டைகளோடு பொருந்த அவற்றை நீள்ஓட்டைகளாக வெட்டிவிட்டேன். கணக்குப்படி மூலையில் வருவது 4க்குக் கீழே. அடிக்கும்போது ஃபேன் வேகத்தை ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இறக்கியிருந்தேன், ஒட்டு பலப்படட்டும் என்று.