தோப்பு வீடியோவில் மாங்காய் எண்ணுதல்: இரண்டு பருவத்துக்குப் பிறகு

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்களுக்கு அறுபது மாமரம் இருக்கிறது. சித்திரையில் வியாபாரி வருவார், மரத்தைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்ப்பார், ஒரு தொகை சொல்வார். அப்பச்சி அதற்கு மேல் ஆயிரமோ இரண்டாயிரமோ கேட்பார். மரத்தில் எத்தனை காய் என்பது இருவருக்கும் தெரியாது. அதனால்தான் போன பருவத்துக்கு முந்தின பருவத்தில் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து வீடியோ எடுத்தேன்.

வீடியோவில் காயைக் கண்டுபிடிக்க YOLOv8 என்ற மென்பொருள். அது பழகி வரும் பொதுவான படத்தொகுப்பில் ஆப்பிளும் ஆரஞ்சும் உண்டு, மாங்காய் கிடையாது. நம் தோப்புப் படங்களிலேயே நானூறில் காயைச் சுற்றிக் கட்டம் போட்டுப் பழக்கினேன். ஒவ்வொரு காய்க்கும் ஓர் எண் கொடுத்து ஃப்ரேம் ஃப்ரேமாகப் பின்தொடர பைட்ட்ராக். மொத்தம் எத்தனை எண் வந்ததோ அத்தனை காய் என்று கணக்குப் போட்டேன். கிணற்றடி மரத்துக்கு 540 வந்தது. அறுவடையில் கையால் எண்ணினோம்: 262.

வீடியோவை மெதுவாக ஓட்டியபோது காரணம் தெரிந்தது. 41 என்ற எண்ணோடு வந்த காய் ஓர் இலைக்கொத்துக்குப் பின்னால் போகிறது. வெளியே வரும்போது அதற்கு 58 என்று புது எண். காற்றடித்தால் இதே காய்க்கு மூன்றாவது எண்ணும் கிடைக்கும். track_buffer என்ற அளவை 30-லிருந்து 90-க்கு ஏற்றிப் பார்த்தேன். காணாமல் போன எண்ணை அது கூடுதல் நேரம் வைத்திருந்தது. ஆனால் அந்த எண் பக்கத்துக் காய்க்குப் போய் ஒட்டிக்கொண்டது. கொத்தாகக் காய்க்கும் மரத்தில் இது இன்னும் மோசம்.

எண்களை எண்ணுவதை விட்டேன். படத்தின் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு, அதைத் தாண்டும் காய் மட்டும் கணக்கு. மரம் வலக்கைப் பக்கம் இருக்க நடந்தால் காய்கள் திரையில் இடமிருந்து வலமாக நகரும். அப்படித் தாண்டினால் ஒன்று கூட்டு, திரும்பி வந்தால் ஒன்று கழி. கீழே tid காயின் எண், x அது இப்போது இருக்கும் இடம், p முன்பு இருந்த இடம், L கோடு, n கணக்கு:

```python
p = last.get(tid)
if p is not None:
    if p < L <= x: n += 1
    elif x < L <= p: n -= 1
last[tid] = x
```

அந்தக் கழித்தல் வரிதான் உயிர். வரப்பில் கால் இடறிப் பின்னால் சாய்ந்தாலும், காற்றில் கிளை ஆடினாலும், கோட்டருகே இரண்டு காய்கள் எண்ணை மாற்றிக்கொண்டாலும் கூட்டியது கழிந்துவிடும். கோட்டுக்கு முன்னால் ஒரு காய் எத்தனை எண் மாற்றினாலும் கவலையில்லை, தாண்டுவது ஒரு தடவைதான். கோட்டுக்கு நேராக இலை மறைத்து, அந்தப் பக்கம் புது எண்ணோடு வெளிவரும் காய் மட்டும் விட்டுப்போகும். இதைக் கண்டுபிடிக்க அகலத்தில் 40, 50, 60 சதவீதத்தில் மூன்று கோடு போட்டேன். முழு மரத்தையும் கடந்த பிறகு மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் அந்த வரிசையை இன்னும் மெதுவாக நடந்து மறுபடி எடுப்பேன்.

அடுத்த தொல்லை, மரச்சந்து வழியாகத் தெரியும் பின்வரிசைக் காய். அந்த வரிசைக்குப் போகும்போது அதே காய் திரும்பவும் கணக்கில் ஏறும். சின்னக் கட்டங்களைத் தள்ளிப் பார்த்தேன், முன்வரிசைப் பிஞ்சும் சேர்ந்து போயிற்று. கடைசியில் இருட்டின பிறகு பிரகாசமான எல்இடி விளக்கோடு நடந்தேன். வெளிச்சம் முன்வரிசையோடு நின்றுவிடும், பின்னால் கறுப்பு. பச்சை இலையில் பச்சைக் காயும் பளிச்சென்று தெரிந்தது. "ராத்திரியில மரத்துக்குக் காவலா தம்பி?" என்று தோப்பைப் பார்த்துக்கொள்பவர் கேட்டார். பாம்புக்காக அவரையும் கூட்டிக்கொண்டுதான் நடந்தேன்.

கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் தெரியும் காயை மட்டும் கோட்டால் பிரிக்க முடியாது. அது இரண்டு தடவை விழும். நடுவில் ஒளிந்த காய் ஒரு தடவைகூட விழாது. இதை எட்டு மரத்தை வைத்துச் சரிக்கட்டினேன். இரு பக்கமும் கூட்டி வீடியோவில் 1,360, கையால் 1,904. ஆக ஒன்றுக்கு 1.4. அந்த எட்டில் சேராத கிணற்றடி மரத்தில் கிழக்கு 97, மேற்கு 88, மொத்தம் 185. அதை 1.4-ஆல் பெருக்கினால் 259.

இந்தப் பருவம் அறுபது மரத்துக்கும் 12,810 என்று வந்தது, பறித்தது 12,240. வீடியோவுக்கும் அறுவடைக்கும் நடுவில் மூன்று வாரம். உதிர்ந்ததும் இந்த வித்தியாசத்தில் அடக்கம். ஆனால் தனித்தனி மரத்துக்கு இதை நம்பாதீர்கள். கவாத்து செய்யாமல் அடர்ந்து கிடக்கும் மூலை மரத்துக்கு 126 சொன்னது, பறித்தது 171. போன பருவத்து 1.4 கவாத்து செய்த பிறகு செல்லாது, ரகம் மாறினாலும் செல்லாது. ஆகவே ஒவ்வொரு பருவமும் எட்டு மரத்தை உட்கார்ந்து எண்ணத்தான் வேண்டியிருக்கிறது. வியாபாரி இன்னும் அண்ணாந்து பார்த்துத்தான் விலை சொல்கிறார். அப்பச்சி மட்டும் இப்போது பதில் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறார்.