எல்லையை ஒட்டிய தூணுக்கு ஸ்ட்ராப் பீம் போடாமல் பில் மட்டும் போட்டார்கள்: குறுகிய மனையில் வீடு கட்டுபவர்கள் கவனத்துக்கு

மதுரையில் 25 அடி அகல மனையில் மாடியுடன் வீடு கட்டினோம். பக்கத்து வீட்டுச் சுவர் எல்லைக்கோட்டிலேயே நிற்பதால், எங்கள் பக்கத் தூண்களும் கோட்டை ஒட்டியே வந்தன. அஸ்திவார வரைபடத்தில், ஒவ்வோர் எல்லைத் தூணின் ஃபுட்டிங்கையும் உள்தூணின் ஃபுட்டிங்குடன் இணைக்கும் ஸ்ட்ராப் பீம் தெளிவாக இருந்தது: அகலம் 300 மி.மீ., ஆழம் 750 மி.மீ., மேல்பக்கம் 20 மி.மீ. கம்பி ஐந்து. ஒப்பந்ததாரர் அதற்கான கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் பணம் வாங்கிக்கொண்டார். பீமைப் போடவே இல்லை. கம்பி கட்டிய படம் என்று அவர் அனுப்பியது வேறொரு மனையில் எடுத்தது.

குடியேறிய பிறகு எல்லைச் சுவரை ஒட்டிய அறையில் தரை ஓடுகளின் இணைப்பு சுவருக்கு இணையாக நீளமாக வாய் பிளந்தது. குறுக்குச் சுவரில் சாய்வான விரிசல் ஓடியது. ஒப்பந்ததாரர் பூச்சு விரிசல் என்று சொல்லிப் பட்டி பார்த்துவிட்டுப் போனார். அதே இடத்தில் மீண்டும் விரிந்ததால், வேறொரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துத் தூணின் அருகே குழி தோண்டிப் பார்த்தோம். இரண்டு ஃபுட்டிங்குகளுக்கும் நடுவே வெறும் மண். தரைமட்டத்தில் இருந்த பிளிந்த் பீமில், எல்லைத் தூணுக்குப் பக்கத்தில், மேலே அகலமாகவும் கீழே போகப்போக மெலிந்தும் ஒரு வெடிப்பு.

ஒப்பந்ததாரர் சொன்ன பதில் இது: “ஸ்ட்ராப் பீம் எல்லாம் பெரிய கட்டடத்துக்குத்தான் சார். பிளிந்த் பீமே எல்லாத் தூண்களையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.” இதைக் கேட்டு யாரும் அமைதியாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கணக்கையும் எழுதுகிறேன்.

எங்கள் எல்லைத் தூணில் இறங்கும் சுமை 40 டன். ஃபுட்டிங்கின் அகலம் 1.5 மீட்டர், எல்லையை ஒட்டிய நீளம் 2.4 மீட்டர். மண்ணின் தாங்கு திறன் சதுர மீட்டருக்கு 15 டன். சுமை ஃபுட்டிங்கின் நடுவில் இறங்கினால் சதுர மீட்டருக்கு 11 டன்தான் வரும், கவலையே இல்லை. ஆனால் 230 மி.மீ. தூண் எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதன் மையம் ஃபுட்டிங்கின் மையத்திலிருந்து 0.635 மீட்டர் விலகியிருக்கிறது. இணைப்பு எதுவும் இல்லாவிட்டால் ஃபுட்டிங் எல்லைப் பக்கம் சாயப் பார்க்கும். உள்பக்கம் மண்ணை விட்டு எழும். எல்லை ஓரமாக ஏறத்தாழ 35 செ.மீ. பட்டை மட்டும் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். அந்த ஓரத்தில் அழுத்தம் கணக்குப்படி சதுர மீட்டருக்கு 96 டன். மண் தாங்கக்கூடியதைப் போல ஆறு மடங்குக்கும் மேல்.

ஸ்ட்ராப் பீம் இந்தச் சாய்வை உள்தூணின் எடையைக் கொண்டு தடுக்கிறது. உள்தூண் 4 மீட்டர் தள்ளி இருக்கிறது. சமநிலைக் கணக்கு போட்டால் எல்லை ஃபுட்டிங்குக்கு அடியில் மண் தரும் எதிர்விசை 47.5 டன், உள் ஃபுட்டிங்கை 7.5 டன் மேலே தூக்கப் பார்க்கும். உள்தூணில் 60 டன் இருப்பதால் அது எழாது. (உள்தூண் இலேசான போர்டிகோத் தூணாக இருந்தால் இந்த ஏற்பாடு பலிக்காது, வடிவமைப்பாளரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.) எல்லை ஃபுட்டிங்கின் அழுத்தம் சீராகி 13 டன் அளவில் நிற்கும்.

இதற்கு அந்த பீம் தாங்க வேண்டிய வளைவுத் திருப்பம் சுமார் 20 டன்-மீட்டர். எங்கள் பிளிந்த் பீம் 230க்கு 300, மேலே 12 மி.மீ. கம்பி இரண்டு. அது முறியும் எல்லையே 2.3 டன்-மீட்டரைச் சுற்றித்தான் வருகிறது. எட்டில் ஒரு பங்கு வலிமைகூட இல்லாத பொருளைக் காட்டி “இழுத்துப் பிடிக்கும்” என்று சொல்வது பச்சைப் பொய்.

இப்போது முட்டுக்கொடுத்துத் தோண்டி, பழைய ஃபுட்டிங்குகளில் துளையிட்டுக் கம்பி பதித்து, பீமைப் புதிதாகச் சேர்க்கும் வேலை நடக்கிறது. புதிதாகப் போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடப் பல மடங்கு. ஒப்பந்ததாரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.

எல்லைத் தூண் உள்ள வீடு கட்டுபவர்கள், கான்கிரீட் கொட்டும் முன் குழிக்குள் இறங்கி, வரைபடம் போட்டவரையே உடன் வைத்துக்கொண்டு பாருங்கள். தடிமனான கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். வழக்கமான பீம் என்று நினைத்துக் கீழே கட்டிவிடுகிற மேஸ்திரிகள் உண்டு; இந்த பீமில் இழுவிசை மேலேதான். அந்தக் கம்பியின் முனை எல்லைத் தூணைத் தாண்டும் முன் கீழ்நோக்கி வளைந்து ஃபுட்டிங்குக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இரண்டு ஃபுட்டிங்குகளையும் பீமையும் ஒரே மூச்சில் கொட்டச் சொல்லுங்கள். பீமின் அடியில் மட்டும் மண்ணைக் கெட்டிக்கக் கூடாது; தளர்ந்த மண்ணோ தெர்மகோல் பலகையோ இருக்கட்டும். பீம் மண்ணில் உட்கார்ந்தால் கணக்கில் வைத்த சுமைப் பங்கீடு மாறிவிடும்.