பழைய வினாத்தாளில் பத்து மாதம் டிஐ செட் போட்ட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஷார்ட்கட் மனப்பாடம் செய்ததால் என் வேகம் கூடவில்லை. 1/2 முதல் 1/30 வரை பின்னங்களுக்கான சதவீதங்களை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி, முதல் ஒரு மாதம் காலையும் மாலையும் ஒப்பித்தேன். 1/17 என்றால் 5.88, 1/23 என்றால் 4.35 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் அட்டவணை, வரைபடம் போன்ற தகவலைக் கொடுத்து அதிலிருந்து ஐந்து கேள்வி கேட்கும் ஒரு டிஐ செட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. மனப்பாடத்துக்கு முன்பும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட ஆரம்பித்து, ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை முறை பெருக்கினேன், எத்தனை முறை வகுத்தேன் என்று ஓரத்தில் கோடு போட்டு எண்ணியபோதுதான் காரணம் தெரிந்தது. தேவையே இல்லாத கணக்கை நான் வேகமாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு விற்பனை, ஆயிரத்தில்: 480, 552, 640, 728, 815. முந்தைய ஆண்டைவிட அதிக சதவீத வளர்ச்சி எந்த ஆண்டில் என்பது கேள்வி. ஆரம்பத்தில் நான் நான்கு வளர்ச்சியையும் தனித்தனியாகக் கணக்கிடுவேன்: 15, 15.94, 13.75, 11.95. நான்கு வகுத்தல், இரண்டு நிமிடம் போயே போச்சு. இப்போது முதலில் கூடுதலை மட்டும் எழுதுகிறேன்: 72, 88, 88, 87. நடுவில் இருக்கும் இரண்டு 88-இல் ஒன்று 552-இன் மேல், இன்னொன்று 640-இன் மேல். தொகுதி ஒன்றே, பகுதி பெரியது, ஆகவே இரண்டாவது அடிபட்டது. கடைசியில் 87-ஐ 728-ஆல் வகுக்க வேண்டும். மேலே சிறியது, கீழே பெரியது என்பதால் அதுவும் அடிபட்டது. மிச்சம் இருப்பது 480-க்கு 72-உம் 552-க்கு 88-உம் மட்டும்தான். முதலாவது சரியாக 15 சதவீதம். 552-க்கு 15 சதவீதம் எவ்வளவு? பத்து சதவீதம் 55.2, அதில் பாதி 27.6, மொத்தம் 82.8. நம்மிடம் 88 இருக்கிறது. முடிந்தது. அது 15.94 என்று யாரும் கேட்கவில்லை.

விகிதங்களை ஒப்பிடுவதிலும் இதே புத்திதான். ஒரு மையத்தில் 512 பேரில் 347 பேர் தேர்ச்சி, இன்னொன்றில் 571 பேரில் 389 பேர். எது மேல்? வழக்கமாகக் குறுக்குப் பெருக்கல் சொல்லித்தருவார்கள். மூன்று இலக்க எண்களில் அது வேதனை. அதற்குப் பதில் இரண்டாவது மையத்தை முதல் மையமும் கூடுதலாக வந்த ஒரு சின்னக் கும்பலும் என்று பார்க்கலாம். கும்பலில் 59 பேர், தேர்ச்சி 42. 59-இல் எழுபது சதவீதம் 41.3, ஆக கும்பல் எழுபதுக்கு மேல். முதல் மையத்தில் 512-க்கு எழுபது சதவீதம் 358. 347 அதற்குக் கீழே. நன்றாகப் படிக்கும் கும்பல் சேர்ந்தால் சராசரி ஏறத்தானே செய்யும்? இரண்டாவது மையம்தான் மேல். இதை ஒருமுறை காரணத்தோடு புரிந்துகொண்ட பிறகு மறக்கவே இல்லை. வெறும் சூத்திரமாகப் படித்தபோது எதிலிருந்து எதைக் கழிப்பது என்று பரீட்சையில் குழம்பியிருக்கிறேன். கும்பலின் விகிதமும் பழைய விகிதமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இந்த வழியும் கைகொடுக்காது, அப்போது பெருக்கித்தான் ஆகவேண்டும்.

அடி வாங்கிய இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 3,850 பேரில் 14 சதவீதம் எத்தனை பேர்? 14 என்று பார்த்ததும் கை தானாக 1/7 போட்டது. 550. ஆப்ஷனில் 550 இருந்தது, டிக் செய்துவிட்டு நகர்ந்தேன். விடை 539. 1/7 என்பது 14.29; 14-ஐவிட அது இரண்டு சதவீதம் பெரியது. ஆப்ஷன்களோ 539, 544, 550, 556 என்று ஒரு சதவீத இடைவெளியில் நின்றன. கேள்வி தயாரித்தவர் இந்த ஷார்ட்கட்காரனுக்காகவே 550-ஐ வைத்திருக்கிறார். அன்றிலிருந்து கணக்கைத் தொடுமுன் ஆப்ஷன்களைப் பார்க்கிறேன். 410, 450, 490, 530 என்று தள்ளித்தள்ளி நின்றால் தோராயம் போதும். நெருங்கி நின்றால் பின்னத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, பத்து சதவீதம் 385, நான்கு சதவீதம் 154, கூட்டினால் 539 என்று நேர்வழியில் போகிறேன். அதற்கும் பத்து நொடிதான் ஆகிறது.

அந்த இருபத்தொன்பது பின்னங்களில் இன்றும் நான் பயன்படுத்துவது 1/12 வரைக்கும்தான், அதோடு 1/8-இன் மடங்குகளான 37.5, 62.5, 87.5. மேசைக்கு எதிரே இருந்த தாளைக் கிழித்தாயிற்று. பை சார்ட்டில் பாகைகளைச் சதவீதமாக மாற்றும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். இரண்டு துண்டுகளின் விகிதம் கேட்டால் 54-க்கு 72 என்று பாகையிலேயே சுருக்கினால் 3-க்கு 4 வந்துவிடுகிறது. ஆனால் இரண்டு பை சார்ட் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முதல் வேலையாக இரண்டின் மொத்தத்தையும் வட்டம் போடுகிறேன். 3,600-இல் 25 சதவீதமும் 4,500-இல் 20 சதவீதமும் அதே 900-தான். பங்கு குறைந்ததைப் பார்த்து எண்ணிக்கையும் குறைந்தது என்று எழுதி மதிப்பெண் விட்டது எத்தனை முறையோ!

பழைய வினாத்தாள்களைப் பற்றியும் ஒரு குறை இருக்கிறது. தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்னதைத் தொகுத்த தாள்களில் எண்கள் தப்பாக இருக்கும். ஒரு அட்டவணையோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன், எந்த வழியில் போனாலும் ஆப்ஷனில் இல்லாத விடைதான் வந்தது. கடைசியில் வரிசையைக் கூட்டிப் பார்த்தால், அச்சிட்ட மொத்தத்தோடு 27 வித்தியாசம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று கணக்கு எழுதுபவர்கள் சந்தேகப்படுவார்கள். தேடினேன், 85 இருக்க வேண்டிய இடத்தில் 58. இப்போது மொத்தம் கொடுத்திருக்கும் எந்த அட்டவணையையும் தொடங்குமுன் ஒரு வரிசையை மட்டும் கூட்டிப் பார்க்கிறேன். விடைக்குறிப்பையும் அப்படியே நம்புவதில்லை.

ஒரே செட்டைத் திரும்பப் போடலாமா என்று கேட்பார்கள். ஒரு வாரத்தில் போட்டால் விடை நினைவில் இருக்கும், வேகம் கூடியதாகப் பொய்யாகத் தெரியும். ஆறு வாரம் கழித்துப் போட்டேன், அப்போதும் நேரத்தைக் குறிக்கவில்லை, ஓரத்துக் கோடுகளை மட்டும் எண்ணினேன். முன்பு பத்தொன்பது கோடு விழுந்த ஒரு செட்டில் இரண்டாம் தடவை ஏழு விழுந்தது. இப்போது சாதாரண அட்டவணை செட் ஆறு நிமிடத்தில் முடிகிறது. பத்தியாகத் தகவலைக் கொடுத்து அட்டவணையை நாமே கட்டச் சொல்லும் செட்டுகளுக்கு மட்டும் இன்னும் பத்து நிமிடம் ஆகிறது. அங்கே நேரம் போவது கணக்கில் இல்லை, வாசித்துக் கட்டம் போடுவதில். அதனால் அவற்றைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்து, மற்றதை முடித்துவிட்டுத்தான் தொடுகிறேன்.